ஒன்பது பேர் குழுவில் மூன்று சிக்மா ஒருபோதும் வாய் திறக்காது

இது நீளமான பதிவு. காபியை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். கணக்கு வரும், ஆனால் பத்தாம் வகுப்பில் நாம் போட்டதைத் தாண்டி ஒன்றும் வராது. கோபமும் வரும். அதற்குக் காரணம் இருக்கிறது.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி பெருமையாக எழுதியிருந்தான். அவன் வேலை பார்க்கும் இடத்தில் தரவில் உள்ள தவறுகளைக் கண்டுபிடிக்க ஒரு முறை வைத்திருக்கிறார்களாம். தரவைக் குழு குழுவாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனியாகச் சராசரி, தனியாகத் திட்ட விலக்கம். சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கு அப்பால் எது போனாலும் கணினி சிவப்புக் கொடி காட்டும். "நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சார், மூணு சிக்மா" என்று என் பெயரையும் இழுத்துவிட்டான். உடனே பத்துப் பேர் கைதட்டும் படம் போட்டார்கள்.

திட்ட விலக்கம் நான் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் அதைச் சின்னக் குழுவுக்குள் கொண்டுபோய்க் காவலுக்கு நிறுத்தச் சொல்லி நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. பத்துப் பேர் அல்லது அதற்குக் குறைவானவர்கள் உள்ள குழுவில் இந்தக் காவலாளி எந்தத் திருடனையும் பிடிக்க மாட்டான். சில நேரம் தவறவிடுவான் என்று சொல்லவில்லை. எவ்வளவு பெரிய தவறு உள்ளே வந்தாலும் பிடிக்க மாட்டான், பிடிக்கவும் முடியாது. இது என் அபிப்பிராயமல்ல, கணக்கு. கீழே நிரூபித்துக் காட்டுகிறேன்.

முதலில், இது ஏன் என்னைச் சுடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் உறவில் ஒரு பெண், கல்லூரியில் இறுதியாண்டு. பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவள் எடுத்த எலெக்டிவ் பாடத்தில் மொத்தமே ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரும் 84, 86, 87, 88, 89, 90, 91, 93 என்று வாங்கியிருக்கிறார்கள். இவளுக்கு 9. தொண்ணூறு அல்ல, வெறும் ஒன்பது. மதிப்பெண் பதியும்போது ஒரு சுழியம் விழாமல் போயிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கக் கணிதப் பட்டம் எதற்கு? எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்தால் எந்த எண் சரியில்லை என்று விரல் வைத்துக் காட்டிவிடும்.

அவள் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். வந்த பதிலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மதிப்பெண்கள் அனைத்தும் பாடவாரியாக, குழுவாரியாகப் புள்ளியியல் முறையில் சோதிக்கப்பட்டன, சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கு மேல் விலகிய பதிவு அந்தப் பாடத்தில் எதுவும் இல்லை, எனவே பதிவுப் பிழைக்கு முகாந்திரமில்லை என்று எழுதியிருந்தார்கள். அதாவது கணினி கொடி காட்டவில்லை, ஆகவே நீ வாங்கியது ஒன்பதுதான் என்கிறார்கள். அரியர் விழுந்துவிட்டது. அரியர் இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார விடமாட்டார்கள். பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கித்தான் அந்தச் சுழியத்தை மீட்டார்கள். அதற்குள் இரண்டு கம்பெனிகள் வந்து போய்விட்டன.

பதிவு செய்தவர் மீது எனக்குப் பெரிய கோபமில்லை. கை தவறுவது மனித இயல்பு. தவறைப் பிடிப்பதற்கென்றே வைத்த சோதனையைத் தவறுக்குச் சாட்சியாகக் காட்டினார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

அந்தச் சோதனையை நாமும் செய்து பார்ப்போம். ஒன்பது மதிப்பெண்களின் கூட்டல் 717. சராசரி 79.67. கவனியுங்கள், எட்டுப் பிள்ளைகள் 84-க்குக் குறையாமல் இருக்க, சராசரி எழுபதுகளுக்கு இறங்கிவிட்டது. அந்த ஒற்றை 9 அதைக் கீழே இழுத்திருக்கிறது. இப்போது விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 5676 வருகிறது. அதை 8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 26.64. நம் பெண்ணின் மதிப்பெண் சராசரியிலிருந்து 70.67 கீழே. 70.67-ஐ 26.64-ஆல் வகுத்தால் 2.65. மூன்றைத் தாண்டவில்லை. கொடி இல்லை.

அந்த 9-ஐ விலக்கிவிட்டு மற்ற எட்டுப் பேரை மட்டும் வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். சராசரி 88.5, திட்ட விலக்கம் 2.88. இந்த அளவுகோலில் 9 என்பது 27 திட்ட விலக்கத்துக்கும் அப்பால் கிடக்கிறது. 27 எங்கே, 2.65 எங்கே!

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? யார் மீது சந்தேகமோ அவரையே பஞ்சாயத்தில் உட்கார வைத்ததால் வந்தது. தவறான எண்ணும் சேர்ந்துதான் சராசரியைத் தீர்மானிக்கிறது. அதே எண்ணும் சேர்ந்துதான் திட்ட விலக்கத்தையும் தீர்மானிக்கிறது. தான் எவ்வளவு தூரம் விலகிப் போகிறதோ, அந்தத் தூரத்தை அளக்கும் கோலையும் அவ்வளவு நீட்டிவிடுகிறது. திட்ட விலக்கத்தில் விலகல்களை வர்க்கப்படுத்துகிறோம் அல்லவா? மேலே உள்ள 5676-இல் 4994 அந்த ஒரே எண்ணின் பங்கு.

சிலர் நினைக்கலாம், "சார், 2.65 மூன்றுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பெரிய தவறாக இருந்தால் பிடித்திருக்குமே" என்று. பிடிக்காது. வீட்டில் கணினி இருப்பவர்கள் எக்செல்லைத் திறந்து A1 முதல் A9 வரை இந்த ஒன்பது எண்களையும் போடுங்கள், 9 என்ற எண் A9-இல் இருக்கட்டும். வேறொரு கட்டத்தில் இதை எழுதுங்கள்:

```
=(AVERAGE(A1:A9)-A9)/STDEV.S(A1:A9)
```

2.65 வரும். இப்போது A9-இல் மைனஸ் ஆயிரம் போடுங்கள். பிறகு மைனஸ் பத்து லட்சம் போடுங்கள். ஒரு மாணவி மைனஸ் பத்து லட்சம் மதிப்பெண் வாங்கியதாகப் பதிவாகட்டும். விடை 2.667-ஐத் தாண்டாது. அந்தக் கல்லூரியின் சோதனை அதற்கும் "பிழைக்கு முகாந்திரமில்லை" என்றுதான் சொல்லும்.

ஏன் 2.667? இங்கேதான் கரும்பலகை வேண்டும். சராசரியிலிருந்து எல்லா விலகல்களையும் கூட்டினால் சுழியம் வரும், இது உங்களுக்குத் தெரியும். ஒருவர் சராசரிக்கு d அளவு கீழே இருந்தால், மற்ற எட்டுப் பேரும் சேர்ந்து அதே d அளவு மேலே இருந்தாக வேண்டும். அந்த d-ஐ எட்டுப் பேர் எப்படிப் பகிர்ந்துகொண்டால் வர்க்கங்களின் கூட்டல் மிகக் குறைவாக இருக்கும்? சமமாகப் பகிர்ந்துகொண்டால். ஆளுக்கு d/8. அவர்களின் வர்க்கக் கூட்டல் 8 × d²/64, அதாவது d²/8. இதோடு விலகி நிற்பவரின் d²-ஐயும் சேர்த்தால் 9d²/8. இதற்குக் கீழே அந்தக் கூட்டல் போகவே முடியாது. இதை 8-ஆல் வகுத்தால் 9d²/64. வர்க்கமூலம் எடுத்தால் 3d/8. ஆகவே திட்ட விலக்கம் குறைந்தபட்சம் 3d/8. விலகல் d-ஐ அதால் வகுத்தால் அதிகபட்சம் 8/3, அதாவது 2.667.

d எவ்வளவு என்பதே விடையில் இல்லை, பார்த்தீர்களா? அது இரு பக்கமும் அடிபட்டுப் போய்விட்டது. தவறு எவ்வளவு பெரியது என்பது பொருட்டே இல்லை. குழுவில் எத்தனை பேர் என்பது மட்டும்தான் எல்லையைத் தீர்மானிக்கிறது. பொதுவாக n பேர் இருந்தால் எல்லை (n−1)/√n. ஐந்து பேர் என்றால் 1.79. பத்துப் பேர் என்றால் 2.85. பதினோரு பேர் வந்த பிறகுதான் 3.02 ஆகிறது. அப்போதும் கொடி காட்ட வேண்டுமென்றால் விலகியவர் மற்றவர்களின் சிதறலைப் போல் பல மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். நம் பாடநூலில் n−1 அல்ல, n-ஆல்தானே வகுப்போம் என்று கேட்பவர்களுக்கு: அப்படி வகுத்தால் எல்லை √(n−1). பத்துப் பேருக்குச் சரியாக 3. "மூன்றுக்கு மேல்" என்பதுதான் விதி என்றால் அப்போதும் பத்துப் பேர் வரை வாய் திறக்காது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1968-இல் பால் சாமுவேல்சன் இந்த எல்லையை ஒரு சின்னக் கட்டுரையாகவே எழுதினார். இரண்டு ஆண்டு கழித்துப் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர் அவர். ஒருவன் எவ்வளவுதான் விலகி நிற்க முடியும் என்று குறும்பாகக் கேட்பதுபோல் தலைப்பு வைத்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாக அச்சில் இருக்கும் விஷயம் மென்பொருள் எழுதுகிறவர்களின் காதுக்கு இன்னும் வந்து சேராதது எனக்கு வியப்புத்தான்.

குழுவாகப் பிரிப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. இயற்பியலில் 45 என்பதும் ஓர் எளிய எலெக்டிவ் பாடத்தில் 45 என்பதும் ஒன்றல்ல. எல்லாப் பாடத்தையும் ஒரே பானையில் கொட்டிச் சராசரி எடுத்தால் நம் பெண்ணின் 9, இயற்பியலில் தோற்ற பிள்ளைகளின் கூட்டத்தில் மறைந்துவிடும். பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் நம்மாட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிரித்தது நல்லது என்றால் இன்னும் பிரிப்பது இன்னும் நல்லது என்று நினைத்துக்கொள்வார்கள். பாடவாரியாகப் பிரித்து, பிறகு பிரிவுவாரியாக, பிறகு தேர்வு மையவாரியாக, பிறகு பயிற்று மொழிவாரியாக என்று போவார்கள். அறிக்கையில் பார்க்க நுணுக்கமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் குழு சிறுத்துக்கொண்டே வருகிறது. பதினொன்றுக்குக் கீழே போன குழு ஒவ்வொன்றிலும் சோதனை செத்துப்போகிறது. செத்துப்போனதை யாருக்கும் சொல்வதும் இல்லை. கொடியே விழாத குழுவைப் பார்த்து "சுத்தமான தரவு" என்று மேலதிகாரி மகிழ்கிறார். எலெக்டிவ் பாடம், சின்னக் கிராமத்துப் பள்ளி, மொழிச் சிறுபான்மைப் பிரிவு, இவையெல்லாம் எப்போதும் சின்னக் குழுக்களாகத்தான் இருக்கும். எனவே பாதுகாப்பு இல்லாமல் விடப்படுவதும் எப்போதும் அதே பிள்ளைகள்தான்.

நான் குழுவில் இதை எழுதியதும் தம்பி கொஞ்சம் இறங்கி வந்தான். "அப்போ மூணை ரெண்டாக்கிடலாம் சார்" என்றான். நம் பெண்ணின் 2.65 அப்போது மாட்டிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் ஐந்து பேர் குழுவில் எல்லையே 1.79 தானே, அங்கே இரண்டும் ஊமைதான். மறுபுறம் அறுபது பேர் படிக்கும் வகுப்பில், மதிப்பெண்கள் மணி வடிவில் ஒழுங்காகப் பரவியிருந்தாலே இரண்டு மூன்று பிள்ளைகள் இரண்டு சிக்மாவுக்கு வெளியே நிற்பார்கள், ஒரு தவறும் இல்லாமல். பெரிய குழுவில் வீண் கூச்சல், சின்னக் குழுவில் மௌனம்.

அது மட்டுமில்லை. ஒன்பது பேர் பட்டியலில் இரண்டு தவறு இருந்தால் என்ன ஆகும் என்று அவனையே போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரே ஆள், ஒரே மாலை, ஒரே விசைப்பலகை. ஒரு சுழியம் விழாமல் போனால் இன்னொரு எண்ணும் விழாமல் போவது அபூர்வமா என்ன? 88 வாங்கிய பிள்ளைக்கு 8 என்று பதிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 70.78-க்கு இறங்குகிறது, திட்ட விலக்கம் 35.41-க்கு ஏறுகிறது. இப்போது 8-இன் விலகல் 1.77 மடங்கு, 9-இன் விலகல் 1.74 மடங்கு. இரண்டு சிக்மா வைத்தாலும் இருவரும் தப்பித்துவிட்டார்கள். ஒரு தவறு இருந்தபோது 2.65, இரண்டு தவறு ஆனதும் 1.77. தவறு கூடக் கூடச் சோதனை திருப்தி அடைகிறது! ஒரு கள்ளன் இன்னொரு கள்ளனுக்கு மறைப்புப் பிடிக்கிறான். புள்ளியியலில் இதற்கு மறைப்பு விளைவு என்றே சொல்லலாம்.

சரி, குறை சொல்லியாயிற்று, மாற்று என்ன என்று கேட்பீர்கள். மாற்றும் பத்தாம் வகுப்புக்குள்தான் இருக்கிறது. சராசரிக்குப் பதில் இடைநிலை அளவு. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுப்பது. ஓரத்தில் நிற்பவன் 9 வாங்கினாலும் மைனஸ் பத்து லட்சம் வாங்கினாலும் நடுவில் நிற்பவன் அசைய மாட்டான்.

ஒரு தவறு மட்டும் உள்ள பட்டியலுக்கே வருவோம். 9, 84, 86, 87, 88, 89, 90, 91, 93. நடுவில் 88. ஒவ்வொருவரும் 88-இலிருந்து எவ்வளவு தூரம் என்று குறி பார்க்காமல் எழுதுங்கள்: 79, 4, 2, 1, 0, 1, 2, 3, 5. இவற்றையும் வரிசைப்படுத்துங்கள்: 0, 1, 1, 2, 2, 3, 4, 5, 79. இதன் நடுவில் 2. அதாவது இந்தக் குழுவில் ஒரு பிள்ளை நடுவிலிருந்து விலகியிருக்கும் வழக்கமான தூரம் இரண்டு மதிப்பெண். இதை 1.4826-ஆல் பெருக்குவார்கள். மணி வடிவப் பரவலில் இந்த அளவு திட்ட விலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக மட்டுமே அந்தப் பெருக்கல், வேறு மந்திரம் இல்லை. 2.97 கிடைக்கிறது. 79-ஐ அதால் வகுத்தால் 26.6. 3.5-க்கு மேல் போனால் கொடி என்பது இந்த முறையில் பரவலாகப் பயன்படும் விதி. 26.6 என்பது கொடி மட்டுமல்ல, தேர்த்திருவிழாக் கொட்டு. ஓரத்தில் உள்ள நல்ல மதிப்பெண்களான 84-க்கும் 93-க்கும் 1.35, 1.69 தான் வருகிறது. அவை பத்திரம்.

இரண்டு தவறு உள்ள பட்டியலுக்கும் போட்டுப் பாருங்கள். இடைநிலை 87, தூரங்களின் இடைநிலை 3. 9-க்கும் 8-க்கும் 17-க்கு மேல் வருகிறது. இருவரும் மாட்டினார்கள்.

மென்பொருள் துறையில் இருக்கும் பிள்ளைகளுக்காக என் பேரனிடம் கேட்டு எழுதி வாங்கினேன். நீங்கள் இப்போது வைத்திருப்பது இது:

```python
g = df.groupby("subject")["mark"]
z = (df["mark"] - g.transform("mean")) / g.transform("std")
flag = z.abs() > 3
```

வைக்க வேண்டியது இது:

```python
g = df.groupby("subject")["mark"]
dev = (df["mark"] - g.transform("median")).abs()
mad = dev.groupby(df["subject"]).transform("median")
flag = dev > 3.5 * 1.4826 * mad.clip(lower=1)
```

முதல் நிரலில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. குழுவில் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் என்றால் திட்ட விலக்கம் சுழியம். சுழியத்தைச் சுழியத்தால் வகுக்கப் போய் விடை NaN ஆகிவிடும். ஒரே ஒரு மாணவர் உள்ள குழுவுக்கும் NaN தான். அது மூன்றைவிடப் பெரிதா என்று கேட்டால் கணினி "இல்லை" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டும். ஒரு பள்ளி எல்லாப் பிள்ளைக்கும் அகமதிப்பீட்டில் முழு மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்தால், அதுவும் சத்தமில்லாமல் தேறிவிடும்.

இரண்டாவது நிரலின் கடைசி வரியில் உள்ள `clip(lower=1)` ஏன் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்கு மேல் ஒரே மதிப்பெண் வாங்கினால் இந்த இடைநிலை முறையிலும் அளவுகோல் சுழியமாகிவிடும். அப்போது ஒரு மதிப்பெண் வித்தியாசம் உள்ள பிள்ளைக்கெல்லாம் கொடி விழும். அதனால் அளவுகோல் ஒரு மதிப்பெண்ணுக்குக் கீழே போகக்கூடாது என்று தரை போட்டிருக்கிறோம். அந்தத் தரை எவ்வளவு என்பதைக் கணினி சொல்லாது. பாடம் தெரிந்த ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். நூறு மதிப்பெண் தேர்வுக்கு ஒன்று சரியாக இருக்கலாம், பத்து மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கு அது பெரிது.

இந்த முறையும் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று நான்கு பேர் குழுவில் இடைநிலையும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அங்கே கண்ணால் படித்துவிடுவதே வேகம், அந்தப் பிள்ளையின் மற்றப் பாட மதிப்பெண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. குழுவில் பாதிக்கு மேல் தவறாகிவிட்டால் நடுவில் நிற்பவனே தவறானவனாகிவிடுவான். இவற்றையெல்லாம்விட மோசம், பட்டியல் ஒரு வரி கீழே நழுவுவது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளையின் மதிப்பெண். எல்லா எண்ணும் ஒழுங்கான எண்தான், எதுவும் ஒதுங்கி நிற்காது. எந்த சிக்மாவும் எந்த இடைநிலையும் அதைப் பார்க்காது. அதற்கு இரண்டு பேர் தனித்தனியாகப் பதிந்து ஒப்பிடுவது என்ற பழைய வழிதான் உண்டு. செலவு அதிகம் என்பார்கள்.

கொடி விழுந்தால் என்ன செய்வது என்பதிலும் எனக்கு வாக்குவாதம் உண்டு. நாற்பது பேரும் முப்பதிலிருந்து நாற்பத்தைந்துக்குள் வாங்கும் வகுப்பில் ஒரு பெண் 92 வாங்கினால் எந்த முறையும் அவள் மேல் கொடி காட்டும். அவள் காப்பியடித்தாள் என்று அதற்கு அர்த்தமில்லை. விடைத்தாளை எடுத்து ஒருமுறை பார் என்பது மட்டும்தான் அர்த்தம். கொடி விழாததற்கு அந்த அளவு அர்த்தம்கூட இல்லை. கொடி விழவில்லை என்று ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்ய எந்தப் புள்ளியியல் நூலிலும் அனுமதி கிடையாது.

அந்தக் கல்லூரிக்கு இந்த நிரூபணத்தை ஒரு பக்கத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பெறுகை அட்டை வந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.

இப்போது உங்களிடம் ஒரு வேலை. உங்களில் பாதிப் பேர் வங்கி, காப்பீடு, மருத்துவமனை, மென்பொருள் என்று ஏதாவது ஒரு தரவோடுதான் இருக்கிறீர்கள். நாளை அலுவலகம் போனதும் உங்கள் சோதனையில் குழுவாரியாகச் சராசரியும் திட்ட விலக்கமும் எடுக்கிறார்களா என்று பாருங்கள். எடுத்தால், மொத்தம் எத்தனை குழு, அதில் பத்துப் பேரோ அதற்குக் குறைவோ உள்ளவை எத்தனை என்று எண்ணுங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இரண்டு எண்கள் மட்டும் கீழே எழுதுங்கள். ஐந்து பேர் குழுவுக்கு எல்லை 1.79 எப்படி வந்தது என்று கையால் போட்டுப் படம் எடுத்து அனுப்புகிறவர்களின் தாளை வழக்கம்போல் சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறேன்.